பேட்டரி அறையில் பூக்கும் வெள்ளைப் பொடி: மழைக்காலத்தில் ரேடியோவைச் சுத்தம் செய்வது எப்படி

ஐப்பசி அடைமழையில் கரண்ட் போன ஒரு ராத்திரி, பாலக்கோடு பக்கத்து ஊரில் இருக்கும் பெரியப்பா போன் செய்தார். "புதுக் கட்டை ரெண்டு போட்டேன்பா. மெதுவா வச்சா பாடுது, கொஞ்சம் சத்தம் கூட்டினா செத்துப்போகுது" என்றார். சித்திரையிலிருந்து அந்த ரேடியோ அடாப்டரில்தான் ஓடிக்கொண்டிருந்தது. பழைய பேட்டரிக் கட்டைகள் உள்ளேயே மறந்துபோய்க் கிடந்தன. மறுநாள் போய் மூடியைத் திறந்தேன். ஸ்பிரிங் முழுக்க வெள்ளையாகப் பூத்திருந்தது, பழைய சுவரில் உப்பு பூப்பதைப் போல.

இப்படி ஒரு பொருளைப் பார்த்ததும் பலர் செய்வது, ஆல்கஹாலில் பஞ்சை நனைத்துத் துடைப்பது. துடைத்ததும் பளிச்சென்று ஆகிவிடும். அடுத்த மழையில் அதே இடத்தில் மறுபடியும் பூக்கும். காரணம் ஒன்றுதான். அந்தப் பொடி ஓர் உப்பு. அது தண்ணீரில் நன்றாகக் கரையும், ஆல்கஹாலில் கரையாது. ஆல்கஹாலால் துடைக்கும்போது பொடி கரைந்து வெளியே வருவதில்லை, இடுக்குக்குள் தள்ளப்படுகிறது. ஆல்கஹாலுக்கு இங்கே வேறு வேலை இருக்கிறது. நாம் ஊற்றிய தண்ணீரை வெளியேற்றுவதும், எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பதும்தான் அது. அதனால் அதன் முறை கடைசியில்தான் வரும்.

பொடி எங்கிருந்து வருகிறது

ஆல்கலைன் கட்டைக்குள் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற கடும் காரம் இருக்கிறது. கட்டை தீர்ந்த பிறகும் பொருளுக்குள்ளேயே கிடந்தால், உள்ளே மெல்ல ஹைட்ரஜன் வாயு சேரும். அழுத்தம் கூடி, அடிப்பக்கத்து சீல் வழியே காரம் கசியும். வெளியே வந்த காரம் காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து பொட்டாசியம் கார்பனேட்டாக மாறும். நாம் பார்க்கும் வெள்ளைப் பொடி அதுதான்.

மழைக்கும் இதற்கும் என்ன தொடர்பு? அடுப்படி உப்பு ஜாடியை நினைத்துக்கொள்ளுங்கள். வெயில் காலத்தில் பொலபொலவென்று இருக்கும் கல்லுப்பு, மழை பிடித்தால் தானாகவே கசியும். இந்தப் பொடி கல்லுப்பை விட அதிகமாகக் காற்றின் ஈரத்தை இழுக்கும். கோடையில் சும்மா கிடந்த பொடி, காற்றில் ஈரம் ஏறியதும் நீர்த்துக் கரைசலாகி ஸ்பிரிங்கையும் செம்புக் கம்பியையும் அரிக்க ஆரம்பிக்கும். தருமபுரி, கிருஷ்ணகிரிக்குத் தென்மேற்கு மழையும் வரும், வடகிழக்கு மழையும் வரும். வருடத்தில் பல மாதம் இந்த அரிப்புக்கு வேலை இருக்கிறது. ஒரு கடுகளவு உப்பை விட்டுவைத்தாலும் திரும்ப வரும் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

முதலில் அளந்து பாருங்கள்

சுத்தம் செய்வதற்கு முன் கோளாறு பேட்டரி முனையில்தான் இருக்கிறதா என்று தெரிந்துகொள்வது நல்லது. சாதாரண மல்டிமீட்டர் போதும். பெரியப்பாவின் புதுக் கட்டைகள் இரண்டும் சேர்ந்து 3.1 வோல்ட் காட்டின. ரேடியோவை ஓடவிட்டு, பேட்டரி அறையிலிருந்து வரும் இரண்டு ஒயர்களும் போர்டில் சேரும் இடத்தில் அளந்தேன். சத்தம் குறைவாக இருந்தபோது 2.9 வோல்ட். சத்தத்தைக் கூட்டியதும் 2.2 வோல்ட்டுக்கு இறங்கி ரேடியோ நின்றுவிட்டது. அதே நேரத்தில் கட்டைகளின் முனைகளில் நேரடியாக அளந்தால் 3 வோல்ட்டுக்குக் குறையவில்லை. அப்படியென்றால் மீதி வோல்ட்டேஜ் முழுவதையும் வழியிலிருக்கும் அழுக்கு முனையும் கெட்டுப்போன ஒயரும் விழுங்குகின்றன. சத்தம் கூடும்போது ரேடியோ அதிகக் கரண்ட் இழுக்கும், இழப்பும் அதற்கேற்பக் கூடும். பெரியப்பா போனில் சொன்னதன் விளக்கம் இதுவே.

காரமா அமிலமா: மஞ்சள் சொல்லிவிடும்

நிறையப் பேர் "வினிகர் போடு" என்பார்கள். அது ஆல்கலைன் கட்டைக்குச் சரி. நம் வீடுகளில் கடிகாரத்திலும் ரிமோட்டிலும் கிடக்கும் விலை குறைந்த கட்டைகளில் பெரும்பாலானவை துத்தநாக-கார்பன் வகை. அவற்றுக்குள் இருப்பது லேசான அமிலத் தன்மை கொண்ட துத்தநாக குளோரைடு, சிலவற்றில் அமோனியம் குளோரைடு. ஏற்கெனவே அமிலமாக இருக்கும் கசிவின் மேல் இன்னும் அமிலம் ஊற்றுவதால் பயனில்லை.

எந்த வகை என்று கட்டையின் உறையிலேயே அச்சடித்திருக்கும். பென்சில் கட்டையில் LR6 என்றிருந்தால் ஆல்கலைன், R6 என்று மட்டும் இருந்தால் துத்தநாக-கார்பன். பெரிய கட்டையில் LR20, R20 என்றிருக்கும். முன்னால் L இருக்கிறதா என்பதைப் பார்த்தால் போதும்.

உறை நைந்து எழுத்து தெரியாவிட்டால், அல்லது கட்டையை யாரோ தூக்கிப் போட்டுவிட்டால், மஞ்சளைக் கேளுங்கள். வெள்ளைக் காகிதத்தில் ஒரு சிட்டிகை மஞ்சள்தூளைத் தண்ணீரில் குழைத்து இரண்டு பொட்டு வையுங்கள். ஒரு பொட்டின் மேல் மட்டும், பல்குத்தும் குச்சியால் சுரண்டிய பொடியைத் தூவுங்கள். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவக்கிறதே, அதே சிவப்பு வந்தால் பொடி காரம். பக்கத்துப் பொட்டைப் போல மஞ்சளாகவே இருந்தால் காரம் இல்லை. பெரியப்பாவின் ரேடியோவிலிருந்து எடுத்த பொடி தொட்ட மாத்திரத்தில் சிவந்தது. சோதனையை வெளியே காகிதத்தில்தான் செய்ய வேண்டும். மஞ்சளைப் பொருளின் மேல் வைத்துவிடாதீர்கள்.

தொடங்கும் முன்

கட்டைகளை எடுத்துவிடுங்கள். அடாப்டரைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள். கரண்ட் ஒயர் நேராக உள்ளே போகும் பழைய மாடல் ரேடியோ என்றால், பேட்டரி அறையை வெளியிலிருந்து சுத்தம் செய்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உள்ளே 230 வோல்ட் பகுதி இருக்கும், அதைத் திறப்பது மெக்கானிக்கின் வேலை. உப்பிப்போன செல்போன் பேட்டரியையும் தொடாதீர்கள்.

கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். காய்ந்த பொடிக்கு அடியில் இன்னும் மாறாத காரம் ஈரமாக இருக்கலாம். அது விரலில் பட்டால் சோப்புத் தண்ணீர் போல வழுவழுக்கும், தோலைத்தான் அது அரிக்கிறது. கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடமாவது ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பொடியை வாயால் ஊதாதீர்கள்.

சுத்தம் செய்யும் முறை

ரேடியோவைப் பேட்டரி அறை கீழ்ப்பக்கம் இருக்கும்படி சாய்த்துப் பிடித்து, பழைய டூத் பிரஷ்ஷால் பொடியை ஒரு காகிதத்தில் உதிருங்கள். எவ்வளவு பொடியைக் காய்ந்த நிலையிலேயே எடுக்கிறோமோ அவ்வளவு நல்லது. ஸ்பிரிங்கின் அடிச்சுற்றில் கெட்டியாக ஒட்டியிருப்பதை மூங்கில் குச்சியால் தட்டி எடுக்கலாம். கத்தியோ ஊசியோ வேண்டாம், ஸ்பிரிங் மேலிருக்கும் நிக்கல் பூச்சு போய்விடும்.

அடுத்தது காரத்தை முறிப்பது. கடையில் கிடைக்கும் வெள்ளை வினிகர், அது இல்லையென்றால் வடிகட்டிய எலுமிச்சைச் சாறு. காது குடையும் பட்ஸை அதில் நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, ஸ்பிரிங்கில் ஒற்றி எடுங்கள். சின்னச் சின்னக் குமிழிகளாகப் பொங்கும். பட்ஸை மாற்றி மாற்றி, பொங்குவது நிற்கும்வரை ஒற்றுங்கள். ரேடியோவைச் சாய்த்தபடியே வைத்திருங்கள், அப்போதுதான் ஈரம் போர்டுப் பக்கம் ஓடாது. எனக்கு எட்டு பட்ஸ் செலவானது.

துத்தநாக-கார்பன் கசிவாக இருந்தால் இந்த இடத்தில் வினிகருக்குப் பதில் சமையல் சோடா. ஒரு சிட்டிகை சோடாவை ஒரு மேசைக்கரண்டித் தண்ணீரில் கரைத்து அதே மாதிரி ஒற்ற வேண்டும்.

இனி முக்கியமான கட்டம், தண்ணீர். எலக்ட்ரானிக் பொருளுக்குத் தண்ணீரா என்று பயப்பட வேண்டாம். கட்டை இல்லை, கரண்ட் இல்லை, நாம் பட்ஸ் நுனியளவுதான் பயன்படுத்துகிறோம். ஆனால் குழாய்த் தண்ணீரோ போர்வெல் தண்ணீரோ ஆகாது. நம் மாவட்டத் தண்ணீரைப் பற்றி நமக்கே தெரியும். ஃப்ளோரைடு அதிகம் என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. பாத்திரத்தில் வெள்ளைக் கறை விடும் தண்ணீர் இங்கேயும் வெள்ளைக் கறைதான் விடும். ஓர் உப்பை எடுத்துவிட்டு இன்னோர் உப்பை வைத்தது போலாகும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு லிட்டர் வாங்குங்கள். அதே கடையில் ஆசிட்டும் அதே மாதிரி கேனில் இருக்கும், லேபிளைப் படித்து வாங்குங்கள். புதுப் பட்ஸை அதில் நனைத்து ஸ்பிரிங், தகடு, அறையின் மூலைகள் எல்லாவற்றையும் மூன்று முறை துடையுங்கள். வினிகரோ சோடாவோ மிச்சமிருந்தாலும் அதுவும் அரிக்கும், அதையும் சேர்த்துத்தான் இந்தத் தண்ணீர் எடுக்கிறது.

ஆல்கஹாலின் முறை

வேண்டியது ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், 99 சதவீதம். செல்போன் சர்வீஸ் கடைகளுக்கு உதிரி விற்கும் கடையில் ஐபிஏ என்று கேட்டால் கொடுப்பார்கள். மெடிக்கலில் கிடைக்கும் 70 சதவீதத்தில் மீதி 30 பங்கு தண்ணீர். முதல் துடைப்புக்கு அது பரவாயில்லை, கடைசித் துடைப்புக்கு 99 வேண்டும். சானிட்டைசர் வேண்டாம், அதிலுள்ள கிளிசரின் பிசுபிசுப்பாகத் தங்கி ஈரத்தை இழுக்கும். வாசனையோ நிறமோ எண்ணெயோ சேர்த்த ஸ்பிரிட்டும் படலம் விடும். பெயிண்ட் கடை ஸ்பிரிட்டை வாங்கவே வாங்காதீர்கள், அதில் மெத்தனால் இருக்கலாம். அது மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் உடம்பில் ஏறும் விஷம். தின்னரும் பெட்ரோலும் பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும்.

ஐபிஏ எளிதில் தீப்பிடிக்கும். 12 டிகிரி வெப்பத்திலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும், அதாவது ஓசூரின் மார்கழிக் குளிரில்கூட எச்சரிக்கையாக இருக்க வேண்டிய பொருள். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து போகும். மழைக்காலத்தில் ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு, கட்டிலுக்கடியில் கொசுவர்த்தியும் சாமி படத்துக்கு முன் விளக்கும் எரிய வேலை செய்வது நம் வீடுகளில் சாதாரணமாக நடக்கும். இரண்டையும் அணைத்துவிட்டு, திண்ணையிலோ கதவு திறந்த அறையிலோ உட்காருங்கள். அடுப்படி வேண்டாம். சால்டரிங் அயர்ன் சூடாக இருந்தால் ஆறவிடுங்கள். பெரிய பாட்டிலிலிருந்து 10 மில்லி மட்டும் ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு பாட்டிலை உடனே மூடுங்கள். மிச்சத்தைத் திரும்ப பாட்டிலில் ஊற்றக் கூடாது.

பட்ஸை நனைத்து, தண்ணீர் பட்ட இடங்களை எல்லாம் துடையுங்கள். ஸ்பிரிங்கின் சுற்றுகளுக்கு நடுவில் நன்றாக நனையட்டும். ஆல்கஹால் தண்ணீரோடு கலந்து, அதையும் இழுத்துக்கொண்டு ஆவியாகும். இரண்டு முறை செய்தால் போதும்.

எங்கே படக் கூடாது என்பதும் முக்கியம். சில வருடங்களுக்கு முன் இன்னொரு ரேடியோவின் ஸ்டேஷன் காட்டும் கண்ணாடியில் பிசுக்கு இருக்கிறதே என்று அதே பட்ஸால் துடைத்துவிட்டேன். அது கண்ணாடி அல்ல, அக்ரிலிக் வகைப் பிளாஸ்டிக். சில நிமிடத்தில் மயிரிழை மாதிரி விரிசல்கள் உள்ளுக்குள் ஓடி, மங்கிப்போனது. ஓர் எண் அழிந்தே போனது. அதற்குப் பிறகு, ஒளி ஊடுருவும் எந்தப் பிளாஸ்டிக்கின் பக்கமும் ஆல்கஹாலைக் கொண்டுபோவதில்லை. ஸ்பீக்கரின் காகிதக் கூம்பிலும், சத்தம் கூட்டும் திருகுக்குள்ளும் விடாதீர்கள். திருகுக்குள் இருக்கும் கிரீஸ் கழுவப்பட்டு அது கரகரக்க ஆரம்பிக்கும்.

போர்டில் சால்டர் புள்ளிகளைச் சுற்றி ஆல்கஹாலால் துடைத்த பிறகு வெள்ளைப் படலம் ஒன்று தோன்றலாம். அது அரிப்பு அல்ல. சால்டர் வைத்தபோது விட்ட பிசின் பாதி கரைந்து பரவியது. புது ஆல்கஹாலும் புதுப் பட்ஸும் எடுத்து இன்னொரு முறை துடைத்தால் போய்விடும். இந்தப் பிசின் தண்ணீரில் கரையாது, ஆல்கஹாலில் கரையும், உப்புக்கு நேர் எதிர்.

ஒயரைத் திறந்து பாருங்கள்

சுத்தம் செய்த பிறகு அளந்தபோது 2.2 இருந்த இடத்தில் 2.6 வோல்ட் வந்தது. ஏற்றம்தான், ஆனால் போதாது. இந்த இடத்தில் பலரும் ரேடியோ போய்விட்டது என்று கைவிட்டுவிடுவார்கள். காரம் ஸ்பிரிங்கோடு நிற்பதில்லை. திரி எண்ணெயை இழுப்பது போல, ஒயரின் உறைக்குள் செம்பு இழைகளின் வழியே ஏறிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒயர் புதிது போலத்தான் இருக்கும். மைனஸ் பக்கத்துக் கறுப்பு ஒயரின் உறையை ஒரு சென்டிமீட்டர் சீவினேன். உள்ளே செம்பு கரிக்கட்டை போலக் கறுத்திருந்தது. சால்டர் ஒட்டாமல் உருண்டு விழுந்தது. இன்னொரு சென்டிமீட்டர், அப்போதும் கறுப்பு. மூன்றாவது சென்டிமீட்டரில்தான் செம்பு மின்னியது. அவ்வளவையும் வெட்டி எறிந்துவிட்டு, புது ஒயர்த் துண்டை வைத்துச் சால்டர் செய்தேன். மறுபடி அளந்தால், முழுச் சத்தத்தில் 3.0 வோல்ட்.

ஸ்பிரிங்கின் பூச்சு போய் இரும்பு தெரிந்தால் பென்சில் ரப்பரால் தேய்த்துப் பாருங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அன்றைக்குப் பாடும், மிச்சப் பூச்சும் போய்ச் சீக்கிரம் துருப்பிடிக்கும். குழி விழுந்த ஸ்பிரிங்கை மாற்றிவிடுவதே நல்லது. கெட்டுப்போன பழைய ரிமோட்டிலிருந்து எடுத்தே போடலாம்.

அடைமழையில் உலர்த்துவது

ஆல்கஹால் பத்து நிமிடத்தில் பறந்துவிடும். இடுக்குகளில் தங்கிய தண்ணீர் அப்படிப் போகாது, அதுவும் காற்றே ஈரமாக இருக்கும் நாளில். அரிசி டப்பாவுக்குள் வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அரிசிக்குள்ளேயே 12, 13 சதவீதம் ஈரம் இருக்கிறது, தூசியும் மாவும் கூடவே உள்ளே போகும். ஹேர் டிரையரின் சூட்டில் பிளாஸ்டிக் வளையும், பசை விட்டுப்போகும்.

காற்றை லேசாகச் சூடாக்கினாலே போதும். 25 டிகிரியில் 90 சதவீதம் ஈரப்பதம் உள்ள அதே காற்றை 35 டிகிரிக்குக் கொண்டுபோனால் அதன் ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி இறங்கிவிடும், அதாவது தண்ணீரை உறிஞ்சும் பசி அதற்கு வந்துவிடும். மழை விட்ட காலை வெயில் கிடைத்தால், மெல்லிய துணி போட்டு ஒரு மணி நேரம் வைக்கலாம். நடுப்பகல் வெயில் வேண்டாம். வெயிலே இல்லையென்றால் மூடியைத் திறந்து வைத்து டேபிள் ஃபேன் காற்றில் இரண்டு மூன்று மணி நேரம், அப்புறம் காற்றுப் புகாத டப்பாவில் 100 கிராம் சிலிக்கா ஜெல்லோடு ஓர் இரவு. ஆரஞ்சு நிற மணிகளாக வாங்கினால் ஈரம் குடித்ததும் பச்சையாகும், எப்போது மாற்றுவது என்று தெரியும். நீல நிற மணிகளில் கோபால்ட் உப்பு இருக்கிறது, வீட்டுப் பாத்திரத்தில் அதைச் சூடாக்க வேண்டாம்.

எமர்ஜென்சி லைட், இன்வெர்ட்டர் போன்றவற்றின் பேட்டரி முனையில் பூக்கும் வெள்ளையை இந்த முறையில் அணுகாதீர்கள். அது ஈய உப்பு, நஞ்சு. பிரஷ் போட்டுத் தூசியாகப் பறக்கவிடக் கூடாது. சோடாக் கரைசலில் நனைத்த துணியால் ஈரமாகவே துடைத்து, துணியைக் கவரில் கட்டிப் போட்டுவிட வேண்டும்.

திரும்பப் பார்ப்பது

புதுக் கட்டை போடும் முன் ஸ்பிரிங்கிலும் தகட்டிலும் பெட்ரோலியம் ஜெல்லியை விரலால் தடவித் துடைத்தெடுத்தது போல மெல்லியதாகப் பூசினேன். கட்டை அழுத்தும் இடத்தில் அது விலகி உலோகம் உலோகத்தைத் தொடும், சுற்றியுள்ள இடத்தில் ஈரத்தைத் தடுக்கும். போர்டில் பூசக் கூடாது. புதிதோடு பழையதையோ, ஆல்கலைனோடு சாதாரணக் கட்டையையோ சேர்த்துப் போட்டால் இளைத்தது முதலில் தீர்ந்து, மற்றதன் அழுத்தத்தில் கசியும். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றச் சொன்னேன். அடாப்டரில் ஓட்டும் மாதங்களில் கட்டை வெளியே, மேசை இழுப்பறையில் இருக்கட்டும் என்றும் சொன்னேன்.

பத்து நாள் விடாத தூறலுக்குப் பிறகு அந்தப் பக்கம் போனபோது மூடியைத் திறந்து பார்த்தேன். இந்தச் சோதனையை விட்டுவிடாதீர்கள். உப்பு மிச்சமிருந்தால் முதலில் தெரிவது வெள்ளை அல்ல, ஸ்பிரிங்கின் அடியில் வியர்த்தது போல ஒரு மினுமினுப்பு. அது தெரிந்தால் மறுபடி டிஸ்டில்டு வாட்டர், அதன் பிறகே ஆல்கஹால். பெரியப்பாவின் ரேடியோவில் மேல் ஸ்பிரிங் காய்ந்திருந்தது. கீழ்த் தகட்டின் ஒரு மூலையில் மட்டும் கடுகளவு மினுமினுப்பு. மூன்று பட்ஸில் முடிந்தது. கட்டையைத் திரும்பப் போட்டேன், அவர் தருமபுரி பண்பலையை வைத்துச் சத்தத்தை முழுக்கக் கூட்டினார்.